விகிதச் சோதனையில் 1 வந்த பிறகு

தொடர் குவியுமா, விரியுமா என்று கேட்டால் போதும், முதலாண்டு விடைத்தாள்களில் பாதி யோசிக்காமல் விகிதச் சோதனையில்தான் தொடங்கும். அடைப்புக்குறி விட்டுப்போவது, குறி மாறுவது எல்லாம் யாருக்கும் நேரும், அவற்றை விட்டுவிடுகிறேன். எரிச்சலூட்டுவது வேறொன்று.

"விகிதம் எப்பவும் 1-க்குக் கீழே, சார்"

n = 2-இல் தொடங்கும் Σ 1/(n ln n)-ஐ எடுத்துக்கொள்வோம். அடுத்த உறுப்பை முந்தைய உறுப்பால் வகுத்தால்:

n ln n / ((n+1) ln(n+1))

மேலே உள்ளது சிறியது, கீழே உள்ளது பெரியது. "எந்த n போட்டாலும் 1-க்குக் குறைவு, அதனால் குவியும்" என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டுவிடுகிறார்கள். விடை தவறு.

சோதனை கேட்பது விகிதத்தின் எல்லையை. அது 0.8 என்றால், 0.9-ஐ வேலியாக வைக்கலாம்: ஒரு கட்டத்துக்கு மேல் எல்லா விகிதங்களும் அதற்குள் அடங்கும், உறுப்புகள் ஒரு பெருக்குத் தொடருக்குக் கீழே போய்விடும். இங்கே விகிதம் 0.99, 0.999 என 1-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. வேலி போட இடமே இல்லை. 1/n, 1/n² இரண்டுக்கும் எல்லை 1தான். முன்னது விரிகிறது, பின்னது குவிகிறது.

ஒப்பீடும் இங்கே கைகொடுக்காது. n = 3 முதல் நம் உறுப்பு 1/n-ஐவிடச் சிறியது. விரியும் தொடரைவிடச் சிறியது என்பதால் எதையும் முடிவுசெய்ய முடியாது. 1/n^1.01-ஐ எடுத்தால், போகப்போக நம் உறுப்பு அதைவிடப் பெரிதாகிவிடும். குவியும் தொடரைவிடப் பெரியது என்பதும் வீண்.

மிஞ்சுவது தொகையீட்டுச் சோதனை. x ≥ 2 எனில் 1/(x ln x) நேர்மதிப்புடையது, தொடர்ச்சியானது, இறங்குவது. இதைச் சரிபார்க்காமல் தொகையிடக் கூடாது. 2-லிருந்து N வரை தொகையிட்டால்:

ln ln N − ln ln 2

N-உடன் இது வரம்பின்றி வளர்கிறது; தொடர் விரிகிறது. ஆனால் என்ன ஆமை வேகம்! N = 10^100 ஆனாலும் தொகையீடு ஏறத்தாழ 5.8தான். கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தவருக்குக் குவிவதாகவே தோன்றும். ln n-ஐ வர்க்கமாக்கினால் தொகையீடு 1/ln 2-இல் நின்றுவிடும். அந்தத் தொடர் குவியும்.

ஆகவே வகுக்கும் முன் உறுப்பைப் பாருங்கள். n!, 5^n இருந்தால் விகிதம். n-இன் அடுக்குகளும் மடக்கையும் மட்டும் இருந்தால் விகிதம் 1-ஐத்தான் தரும். 1/n^p-உடன் ஒப்பிடுங்கள், மடக்கை குறுக்கிட்டால் தொகையிடுங்கள்.

விகிதம் 1 தந்ததும் மூலச் சோதனைக்கு ஓடுவது

அங்கேயும் 1தான் வரும். (n/(2n+1))^n போல உறுப்பு முழுவதும் n-ஆம் அடுக்கில் இருந்தால், முதலிலேயே அங்கே போங்கள், எல்லை 1/2.

தொகையீட்டின் மதிப்பையே தொடரின் கூட்டுத்தொகையாக எழுதுவது

1/x²-இன் தொகையீடு 1-லிருந்து முடிவிலி வரை 1. Σ 1/n² = π²/6.