இஎம்ஐ குறைக்கச் சொல்லி பேங்க் மேனேஜருக்கு எழுதின லெட்டர் – என் அனுபவம்

திருப்பூர்ல சின்னதா தையல் யூனிட் வச்சிருக்கேன், மெஷின் லோன்ல 3 லட்சம் பாக்கி, 12 சதவீத வட்டி, இன்னும் 30 மாசம், இஎம்ஐ 11,624. ஜாப் ஒர்க் ஆர்டர் குறைஞ்சு மாச வருமானம் 38,000ல இருந்து 24,000 ஆயிடுச்சு.

முதல்ல எழுதின லெட்டர்ல முழுக்க கஷ்டத்தையே எழுதிட்டேன், மேனேஜர் படிச்சுட்டு "சரி, மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"னு கேட்டார், என்கிட்ட பதில் இல்ல. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன், வாடகை சாப்பாடு ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் 17,000 போக கையில 7,000 நிக்குது, பாக்கியை 60 மாசமா மாத்தினா இஎம்ஐ 6,673 வருது, அது என்னால முடியும்.

ரெண்டாவது லெட்டர்ல லோன் நம்பருக்குக் கீழ இதைத்தான் எழுதினேன்: "இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. கடனை முழுமையாகச் செலுத்துவேன். மீதமுள்ள காலத்தை 60 மாதங்களாக நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." கூடவே ஆறு மாச ஸ்டேட்மென்ட், ஆர்டர் குறைஞ்சதைக் காட்ட ஜாப் ஒர்க் பழைய பில்லு புது பில்லு ரெண்டும் வச்சேன், காப்பில தேதியோட சீல் வாங்கிக்கிட்டேன்.

தவணை தவறுறதுக்கு முன்னாடியே போயிடுங்க, பாக்கி 90 நாள் தாண்டினா கணக்கு வாராக்கடன் ஆயிடும், அப்புறம் பேசுறது ரொம்ப கஷ்டம். எனக்கு 60 மாசம் கிடைச்சுது, ஆனா வட்டி மட்டும் மொத்தமா கிட்டத்தட்ட 51,700 கூடுதல், கிரெடிட் ரிப்போர்ட்லயும் இது பதிவாகலாம்னு மேனேஜரே சொன்னார், தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன்.