வழுக்கையும் தேங்காய்ப் பருப்பும்: ஒன்றாக எண்ணும்போது வரும் தவறுகள்

உணவுக் கணக்கு வைக்கிறவர்கள் இளநீர் வழுக்கையைச் சாப்பிட்டுவிட்டு, கைப்பேசிச் செயலியில் ‘தேங்காய்’ என்று தேடி முதலில் வருவதைத் தட்டிவிடுகிறார்கள். அங்கே 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, 33 கிராம் கொழுப்பு, 9 கிராம் நார்ச்சத்து என்று காட்டும். அது முற்றிய பருப்பின் கணக்கு. கரண்டியில் வழுக்கி வரும் மெல்லிய வழுக்கையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். 100 கிராமில் கொழுப்பு ஒன்றிரண்டு கிராம், கலோரி 40 அளவில் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் எந்த இளநீர் வழுக்கையும் லேசானதுதான்’ என்று நினைப்பது அடுத்த தவறு. இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தேங்காய் முற்ற 11, 12 மாதம் ஆகும். ஆறாம் மாதத்தை ஒட்டித்தான் ஓட்டின் உட்புறத்தில் ஜெல்லி மாதிரி ஒரு படலம் பிடிக்கத் தொடங்குகிறது. அதன்பின் மாதத்துக்கு மாதம் அந்தப் படலம் தடித்து, தண்ணீர் குறைந்து, கொழுப்பும் நாரும் ஏறிக்கொண்டே போகின்றன. பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ இளநீர் என்று வெட்டித் தருவது ஏழு மாதக் காயாகவும் இருக்கலாம், ஒன்பது மாதக் காயாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே விலைதான், வெளியே இரண்டும் பச்சைதான். நிறத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

கரண்டியை வைத்துச் சொல்லலாம். லேசாக வழித்ததுமே ஒளி ஊடுருவுகிற மாதிரி வழுவழுவென்று வந்தால் இளசு. வெள்ளை வெளேரென்று, ஓட்டிலிருந்து நெம்பி எடுக்க வேண்டியதாக, பல்லுக்கு வேலை கொடுக்கிறதாக இருந்தால் அது தேங்காயை நெருங்கிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மெல்லிய வழுக்கை 80 கிராம் என்றால் கொழுப்பு ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். தடித்த வழுக்கை 120 கிராம் கிடைத்து, அதில் கொழுப்பு பத்து விழுக்காட்டைத் தொட்டிருந்தால் 12 கிராம். சட்னிக்காக 30 கிராம் தேங்காய்த் துருவலைச் சேர்த்தாலும் 10 கிராம்தான் வரும். இளநீர்க் கடையில் வாங்கியது என்பதால் மட்டும் அது குறைந்த கொழுப்பு ஆகிவிடாது.

நார்ச்சத்து விஷயத்தில் தலைகீழான நம்பிக்கை ஒன்று உண்டு. மலச்சிக்கலுக்கு வழுக்கை நல்லது என்று பெரியவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள். மெல்லிய வழுக்கையில் நார் மிகக் குறைவு. இளநீரோடு சேர்ந்து போகும் தண்ணீர் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். நார் வேண்டுமென்றால் துருவிய தேங்காயைப் பொரியலில் போட்டு அப்படியே சாப்பிட வேண்டும். அதையே பிழிந்து பாலாக்கினால் கொழுப்பு பாலோடு வந்துவிடும், நாரில் பெரும்பகுதி சக்கையில் தங்கிவிடும். நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, தேங்காயில் நார் இருக்கிறதே என்று ஆறுதல் அடைவதில் பொருள் இல்லை. சந்தானில் வெந்த அந்தச் சோற்றுக்கு வந்தது கொழுப்புதான், அதிலும் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய்க் கொழுப்பு உடம்பில் தங்காமல் உடனே எரிந்துவிடும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகள் போகிற வழியிலேயே இரத்தத்துக்குப் போகிறது, கெட்ட கொலஸ்ட்ராலையும் ஏற்றுகிறது.

சரி, செரிமானம்? மெல்லிய வழுக்கைக்கு மெல்லவே வேண்டியதில்லை. கொழுப்பும் நாரும் குறைவு என்பதால் வயிற்றில் அதிக நேரம் தங்காது. முற்றிய பருப்பில் உள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு தேங்காய்ச் சில்லைக் கடித்துவிட்டு நெஞ்செரிச்சலோடு படுப்பவர்களுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு வலியையும் தூண்டலாம். அதன் நார் பெரும்பாலும் கரையாத வகை. சரியாக மெல்லாத துண்டுகள் உடையாமலே குடலைக் கடந்து, மலத்தில் வெள்ளைத் துணுக்குகளாக வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்னும் நன்றாக மென்று சாப்பிட்டால் போதும். ஆனால் அரைத்துச் சாப்பிட்டால் செரிப்பது எளிதாகும்போதே, துண்டுக்குள் அடைபட்டிருந்த கொழுப்பும் கூடுதலாக உடம்பில் சேரும்.

பல் போன தாத்தாவுக்கும் காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும் கேட்டு வாங்க வேண்டியது மெல்லிய வழுக்கை உள்ள காய். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் காயைத் தட்டிப் பார்த்து எடுத்துத் தருவார். சிறு குழந்தைகளுக்கு முற்றிய தேங்காயைத் துண்டாகக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். துருவலாகச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம்.