‘வழக்கு எதுவும் இல்லை’ என்று காகிதம் வந்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த எச்.ஆர். பையன் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "அண்ணா, போலீஸ் வெரிஃபிகேஷன் வந்துடுச்சு, கிளியர். ஆளைச் சேர்த்துக்கலாம்" என்றான். திறந்து பார்த்தால் தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி இரண்டிலும் ஒரே முகவரி. ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு வாடகை அறை. ஆள் அங்கே குடிவந்து ஐந்து வாரம்தான் ஆகிறது.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே தவறை நான் செய்திருக்கிறேன், அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். போட்டோ ஒட்ட மறந்தது, கையெழுத்து விட்டுப்போனது மாதிரியான சில்லறைத் தவறுகளை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. திருப்பி அனுப்பாமல், அழகாக ‘கிளியர்’ என்று வந்துவிடும் தவறுகள்தான் ஆபத்து.

வாடகை அறையை நிரந்தர முகவரி என்று எழுதுவது

முதலில் இந்த வெரிஃபிகேஷனில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். eservices.tnpolice.gov.in தளத்தில் வாடகைக்கு வருபவர், வீட்டு வேலைக்கு வருபவர், வேலைக்கு விண்ணப்பிப்பவர் என்று யாருக்காக வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அப்பா பெயர், முகவரி, அடையாளச் சான்று, போட்டோ எல்லாம் கேட்பார்கள். பிறகு இரண்டு வேலை நடக்கும். ஒன்று, தமிழ்நாட்டு போலீஸின் பதிவுகளில் அந்தப் பெயரைத் தேடுவது. இன்னொன்று, அந்த முகவரி இருக்கும் எல்லைக்கு உட்பட்ட ஸ்டேஷன் மூலமாக விசாரிப்பது. அவ்வளவுதான். இதில் யாரும் கைரேகை எடுத்து ஒப்பிடுவதில்லை, யாருடைய குணத்தையும் எடைபோடுவதுமில்லை.

இப்போது பெயர்த் தேடலை யோசித்துப் பாருங்கள். முருகன் என்று தேடினால் எத்தனை முருகன் வரும்? அதில் நம் முருகன் யார் என்று பிரித்துக் காட்டுவது அப்பா பெயரும் ஊரும்தான். ஊர் என்ற இடத்தில் ஐந்து வார வாடகை அறையை எழுதிவிட்டால், அரூரில் வழக்கு இருக்கும் முருகனும் நம்மிடம் வந்து நிற்கும் முருகனும் வேறு வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள். ஸ்டேஷனில் இருந்து அறைக்கு விசாரிக்க வருபவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "ஆளு அமைதிதான் சார், காலைல போனா ராத்திரிதான் வரும்." ஐந்து வாரத்தில் வேறென்ன தெரியும் அவருக்கு? காகிதமும் சுத்தமாக வரும்.

என் கதை இது. சில வருடங்களுக்கு முன் ஸ்டோர் பார்க்க ஓர் ஆளை எடுத்தோம். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் பேசுவார், கணக்கில் சுத்தம். சொந்த ஊர் கர்நாடகத்து ஆனேக்கல் பக்கம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். நான் ஓசூர் அறையின் முகவரியையே இரண்டு இடத்திலும் போட்டு விண்ணப்பித்தேன். சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரம், வேறொன்றுமில்லை. வழக்கு ஏதுமில்லை என்று வந்தது. ஏழு மாதம் கழித்து ஸ்டாக் எடுத்தபோது ஒன்றே முக்கால் லட்ச ரூபாய்க்குப் பித்தளைக் கழிவு குறைந்தது. ஆளும் இல்லை, அறையும் காலி.

புகார் கொடுக்கப் போனேன். ஸ்டேஷன் ரைட்டர் கேட்ட முதல் கேள்வி, "சொந்த ஊர் அட்ரஸ் என்ன?" என்னிடம் இல்லை. நான் சும்மா இருக்காமல், நீங்கள்தானே கிளியர் என்று கொடுத்தீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க கேட்டது இந்த அட்ரஸ்ல இருக்கிற ஆளைப் பத்தி. இந்த அட்ரஸ்ல இருக்கிற ஆள் மேல இங்க கேஸ் இல்ல. அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றார். நியாயமான பதில். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நமக்கு அது டீ குடிக்கப் போகிற தூரம். ஆனால் போலீஸ் பதிவுகளுக்கு அது இன்னொரு மாநிலம். தமிழ்நாட்டில் வாங்கும் ரிப்போர்ட் தமிழ்நாட்டுப் பதிவுகளை வைத்துத்தான் வரும். சி.சி.டி.என்.எஸ். என்ற வலையமைப்பு நாடு முழுக்க ஸ்டேஷன்களை இணைப்பது உண்மைதான், ஆனால் அதனால் நம் கையில் வரும் காகிதம் நாடு முழுக்க அலசிப் பார்த்ததாக ஆகிவிடாது. கர்நாடகத்து ஆளுக்கு அங்கே சேவா சிந்து தளம் வழியாக அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பீகார், ஒடிசாவில் இருந்து வருபவர்களுக்கும் அவரவர் மாநில போலீஸிடம்தான் கேட்க வேண்டும்.

இதோடு நான் இப்போது தவறாமல் செய்யும் இன்னொரு வேலை, காசு செலவில்லாதது. services.ecourts.gov.in தளத்தில் Case Status பகுதிக்குப் போய் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, Party Name என்ற இடத்தில் பெயரையும் வருடத்தையும் கொடுத்துத் தேடுவது. Both என்பதை அழுத்தினால் முடிந்த வழக்கும் நிலுவையில் உள்ளதும் சேர்ந்து வரும். ஸ்டோர்காரர் விஷயத்தில், எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, கர்நாடகம், பெங்களூரு ஊரகம், ஆனேக்கல் என்று போட்டு ஒவ்வொரு வருடமாகப் பார்த்தேன். நாலாவது வருடத்தில் வந்தது. அவர் பெயர், ஒரு திருட்டு வழக்கு, விசாரணை நிலுவையில். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். நீதிமன்றத்துக்கு வந்த வழக்குதான் அங்கே தெரியும். எஃப்.ஐ.ஆர். போட்டு இன்னும் குற்றப்பத்திரிகை போகாத வழக்கு பெரும்பாலும் தெரியாது. போட்டோவும் இல்லை, பெயர் மட்டும்தான். அதனால் பெயர் வந்தவுடன் ஆளைத் துரத்தாதீர்கள், கூப்பிட்டுக் கேளுங்கள். ஏன் என்பது அடுத்த தவறில் இருக்கிறது.

பெயரின் எழுத்தைக் கவனிக்காமல் விடுவது

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தெருவுக்கு ஒரு மாதேஷ் உண்டு. ஆங்கிலத்தில் Madesh, Mathesh, Madhesh என்று அவரவர் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக்கொடுத்தபடி இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, டி.சி.யில் ஒரு எழுத்து, எஃப்.ஐ.ஆரில் தமிழில் ‘மாதேஷ், த/பெ முனியப்பன்’. இதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். வழக்கு இருப்பவர் எழுத்து மாறி நழுவிவிடுவார். இல்லாதவர் மாட்டிக்கொள்வார்.

எங்களிடம் வந்த ஒரு ஐ.டி.ஐ. பையன் அப்படி மாட்டினான். பெயரும் சரி, அப்பா பெயரும் சரி, தாலுகாவும் அதே பாலக்கோடு. அடிதடி வழக்கு ஒன்று இருப்பதாக வந்தது. பையன் அழுகிற நிலை. எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து வயதைப் பார்த்தோம். வழக்கில் இருந்தவருக்கு 41 வயது, இவனுக்கு 22. கிராமமும் வேறு. டி.சி., ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தான், சரியானது. வயதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பையனுக்கு வேலை போயிருக்கும், காரணம்கூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

வழக்கு என்றாலே திருடன் என்று நினைப்பது

டிரைவர் வேலைக்கு வருபவர் மேல் ஒரு வழக்கு இருக்கிறதா? எங்கே, என்ன பிரிவு என்று பாருங்கள். தொப்பூர் கணவாயில் பத்து வருடம் லாரி ஓட்டியவர் மேல் ஒரு விபத்து வழக்குகூட இல்லையென்றால் எனக்கு ஆச்சரியம். கிராமத்து வரப்புத் தகராறு என்றால் கெட்ட வார்த்தையில் திட்டியது, அடித்தது, மிரட்டியது என்று பழைய ஐ.பி.சி.யின் 294பி, 323, 506 மூன்றும் ஜோடி சேர்ந்து வரும். 2024 ஜூலை 1 முதல் நடந்தது என்றால் புதிய சட்டத்தில் 296பி, 115(2), 351(2) என்று இருக்கும். அண்ணன் தம்பி சண்டையில் இரண்டு தரப்பும் மாறி மாறிப் புகார் கொடுத்த வழக்குகளே இதில் நிறைய. எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் மேல் புகார் பதிவாகியிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அவர் செய்தார் என்பதற்கு அல்ல. புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது என்பது அதுவும் இல்லை.

விண்ணப்பிக்கிற பையன்களுக்கு ஒன்று. ‘விடுதலை ஆகிவிட்டதே, அப்புறம் என்ன’ என்று நினைத்து, வழக்கு இருந்ததா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். அரசு வேலையில் வழக்கைவிட அதை மறைத்ததுதான் பெரிய குற்றமாக வந்து நிற்கும். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில், மறைத்தவர் விஷயத்தில் வழக்கு எவ்வளவு அற்பமானது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றது. உண்மையைச் சொன்னவரையும் கட்டாயம் வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதில்லை என்றும் சொன்னது. போலீஸ் வேலைக்கு இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கு. நம் ஊரில் கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள் ஊர்த் தகராறில் கூட்டத்தோடு போய் நிற்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஆதார் ஜெராக்ஸை அப்படியே நம்புவது

வெரிஃபிகேஷன் காகிதம் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்கிறது. எதிரில் நிற்பவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் அசல் அட்டையைக் கேட்டு, ஆதார் செயலியில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள். அதில் போட்டோவும் சேர்ந்து வரும், முகத்தோடு ஒப்பிடலாம். இதை மரியாதையாகச் சொல்லிச் செய்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

புரோக்கரிடம் காசு கொடுத்து முடிப்பது

வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தைப் பதிந்தாயிற்றே என்று இருப்பது

அது வேறு, இது வேறு. 2017-ம் வருடச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவது வாடகையையும் அட்வான்ஸையும் பற்றியது. அங்கே யாரும் குடியிருப்பவரின் வழக்கைத் தேடுவதில்லை.

இரண்டு வருடப் பழைய ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்வது

அது தேதியிட்ட நாள் வரைக்கும்தான் பேசும்.

எச்.ஆர். பையனிடம் ஃபைலைத் திருப்பிக் கொடுத்து, அந்த ஆளிடம் அவர் அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டு வரச் சொன்னேன். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம் என்று எழுதி வந்தான், ரேஷன் கார்டு நகலோடு. அந்த முகவரியைப் போட்டுப் புதிதாக விண்ணப்பம் போயிருக்கிறது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.