டாலரில் கல்விக் கடன்: வட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

டாலர் கடனுக்கு வட்டி 10 சதவீதம், உள்ளூர்ப் பணத்தில் வாங்கினால் 13 சதவீதம் என்றால், கை தானாக டாலர் பக்கம் போகும். முதல் தவறு அங்கேதான். இரண்டும் வெவ்வேறு பணத்தின் வட்டி. நடுவில் மாற்று விகிதம் ஒன்று இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டாலருக்கு உள்ளூர்ப் பணம் 80 என்று இருக்கும்போது 40,000 டாலர் கடன், அதாவது 32 லட்சம். படிப்பு இரண்டு ஆண்டு, அப்புறம் ஆறு மாதம், ஆக இரண்டரை ஆண்டுக்குத் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடும். தனிவட்டியாகவே வைத்தாலும் கடன் 50,000 டாலர் ஆகிவிடும். இதற்குள் டாலர் 92-க்குப் போயிருந்தால், கட்ட வேண்டியது 46 லட்சம். அதே 32 லட்சத்தை 13 சதவீதத்துக்கு உள்ளூரில் வாங்கியிருந்தால் 42.4 லட்சத்தோடு நின்றிருக்கும்.

இதில் பலர் கவனிக்காதது, பணம் சரிந்தது அசலை மட்டும் தாக்கவில்லை என்பது. சேர்ந்த 10,000 டாலர் வட்டியும் 92-லேயே நிற்கிறது. ஆகவே "படிக்கும்போது எதற்குக் கட்ட வேண்டும்" என்று விட்டுவிடுவது இரண்டாவது தவறு. இந்தக் கடனில் மாத வட்டி சுமார் 333 டாலர். வீட்டிலிருந்து அதை மட்டும் கட்டி வந்தால், தொடக்க மாதங்களில் 80-ஐ ஒட்டிய விலையிலேயே டாலர் கிடைக்கும். வட்டி அசலோடு சேரவும் செய்யாது. முழுதும் முடியாவிட்டால் பாதியாவது கட்டலாம். ஒவ்வொரு முறை அனுப்பவும் கட்டணம் பிடித்தால், இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்புவது மேல்.

சரி, அப்படியானால் டாலர் கடனே கூடாதா? சம்பளம் எந்தப் பணத்தில் வரும் என்பதைப் பொறுத்தது அது. டாலரில் சம்பாதிப்பவருக்கு 80-ஓ 92-ஓ, மாதத் தவணை மாறாது. 50,000 டாலரைப் பத்தாண்டில் அடைத்தால் தவணை 661 டாலர்தான். சொல்லப்போனால், உள்ளூர்க் கடனை டாலர் சம்பளத்தில் அடைப்பவருக்கு இந்தச் சரிவு லாபம். வேலை ஊரில்தான் என்றால் அந்தத் தவணை 52,900-இலிருந்து 60,800-க்கு ஏறியிருக்கும், சம்பளம் அதற்காக ஏறாது.

ஊருக்குத் திரும்பியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, "டாலர் மறுபடி 80-க்கு வரட்டும், அப்போது உள்ளூர்க் கடனுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று காத்திருப்பது. 80 பழைய கதை. இன்று 92, இனி எவ்வளவு சரியும் என்பதுதான் கேள்வி. புதிய கடனும் 13 சதவீதம்தான் என்றால், உள்ளூர்ப் பணம் ஆண்டுக்குச் சுமார் 2.7 சதவீதத்துக்கு மேல் சரிந்தாலே மாற்றுவது லாபம். செயலாக்கக் கட்டணம், முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம், வங்கி டாலரை விற்கும் விலை இவற்றைச் சேர்த்தால் அந்த எல்லை கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். நிலையான வட்டியா மாறும் வட்டியா என்பதையும் மாற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.