புகார் மின்னஞ்சலில் முதல் மூன்று வரிகள்

போன மாதம் ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியின் பெரிய ஜார் அடியில் விரிசலோடு வந்தது. கோபத்தில் நான் எழுதிய முதல் வரைவில் பாதி என் அலைச்சல்தான். அதை அழித்துவிட்டு இப்படி அனுப்பினேன்.

தலைப்பு: "ஆர்டர் எண் ..., மிக்ஸி ஜார் விரிசல், மாற்று ஜார் வேண்டும்". படிப்பவர் மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

முதல் பத்தியில் மூன்றே வரி: "12ஆம் தேதி பார்சல் வந்தது. அன்றே பிரித்தபோது 1.5 லிட்டர் ஜாரின் அடியில் விரிசல் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் கசிகிறது."

அப்புறம் ஆதாரம். பில், பெட்டியின் லேபிள், விரிசலின் கிட்டப் படம், இந்த மூன்றும் போதும். எந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இருபது படங்களை அனுப்பினால் முக்கியமானது கண்ணில் படாமல் போகும்.

பலரும் கோட்டைவிடுவது கடைசிப் பகுதியில்தான். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் வெறும் வருத்தம் தெரிவித்தே முடித்துவிடுவார்கள். "7 நாளில் மாற்று ஜார் அனுப்புங்கள், இயலாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இதையே அனுப்பலாம். 2020 மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.