கொலுசு விலையில் வாடகையை எப்படிச் சேர்ப்பது?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சிறிய கொலுசுப் பட்டறை நடத்துகிறவர்களில் சிலர் வாடகை, மின்கட்டணம், தங்கள் மேற்பார்வை மூன்றையும் ஜோடி எண்ணிக்கையால் வகுத்து விலையில் சேர்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேலை நேரத்தால் வகுங்கள்.

மாத வாடகை 9,000, மின்சாரம் 3,000, உங்கள் மேற்பார்வைக்கு 18,000, மொத்தம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கொலுசு 100 ஜோடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். சலங்கைக் கொலுசு 50 ஜோடி, ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம். ஆக 300 மணி. மணிக்கு 100 ரூபாய். சாதாரணத்தில் 100, சலங்கையில் 400 சேர வேண்டும். எண்ணிக்கையால் வகுத்தால் இரண்டிலும் 200 விழும். அப்போது சாதாரணக் கொலுசு விலை கூடி வியாபாரி விலகுவார். சலங்கைக் கொலுசு விலை குறைந்து ஆர்டர் குவியும், ஆனால் கையில் பணம் நிற்காது. தவறாகப் பிரித்ததற்கு இதுதான் அடையாளம்.

வெள்ளியின் மதிப்பை வைத்தும் பிரிக்காதீர்கள்; வெள்ளி விலை ஏறினால் வாடகை ஏறுவதில்லை.

நீங்களே பட்டறையில் உட்கார்ந்து செய்யும் நேரத்தை அந்தந்தக் கொலுசின் கூலியில் எழுதுங்கள், 18,000-இல் மறுபடி சேர்க்காதீர்கள். லாபம் இவற்றுக்கு மேல் தனி. வேலை குறைந்த மாதத்தில் 200 மணிதான் ஓடியது என்று மணிக்கு 150 ஆக்கினால் ஆர்டர் இன்னும் குறையும். ஆண்டுச் சராசரி மணிக்கணக்கையே பிடியுங்கள்.