டிப்பரைத் தூக்கும் முன் மேலே பாருங்கள்

வீட்டு வேலைக்கு எம்-சாண்ட் இறக்க டிப்பர் வருகிறதா? கொட்டும் இடத்தை, லாரி வருவதற்கு முன்பே நீங்கள் நின்று பார்த்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஓட்டுநர் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் வருவார், தலைக்கு மேல் போகும் கம்பி அவர் கண்ணில் படாது.

தெரு ஓரமாகப் போகும் 11 கேவி கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருந்தாலே விதிப்படி சரி. ஆனால் பெரிய டிப்பரின் தொட்டியை முழுசாகத் தூக்கினால் 6 மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது கம்பிக்குக் கீழே கொட்டவே கூடாது. பக்கவாட்டில் குறைந்தது 3 மீட்டராவது தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள், 110 கேவி கோபுரக் கம்பி என்றால் 5 மீட்டர். கிரேனுக்கும் இதே கணக்குதான், அப்புறம் 20 அடி அலுமினிய ஏணியை நிமிர்த்தித் தூக்கிப் போகாதீர்கள், படுக்க வைத்து இருவர் பிடியுங்கள்.

கொட்டியதும் தொட்டியை இறக்காமல் வண்டியை நகர்த்துவதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

தொட்டி கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே இருக்க வேண்டும். டயர் காப்பாற்றும் என்று நினைத்து ஒரு காலைத் தரையில் வைத்தால், அவர் உடல் வழியாகவே மின்சாரம் இறங்கும். வண்டி தீப்பிடித்தால் மட்டும், எதையும் பிடிக்காமல் இரண்டு காலும் சேர்ந்து விழுகிற மாதிரி குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் தேய்த்துத் தேய்த்தே 10 மீட்டர் விலக வேண்டும். கம்பி அமைதியாகத் தெரிந்தாலும் மின்சாரம் தானாகவே திரும்ப வரலாம், மின்வாரியம் வந்து லைனை நிறுத்தியதாகச் சொல்லும்வரை யாரும் கிட்டே போகாதீர்கள்.